கேட்டரிங் கொட்டேஷனை ஒரே படிவத்தில் வாங்குவது எப்படி? விழாக் கமிட்டிகளுக்கு முழுமையான வழிகாட்டி

நான்கு கேட்டரிங்காரர்களிடம் “ஆளுக்கு எவ்வளவு?” என்று கேட்டால் நான்கு எண்கள் வரும். ஒருவர் பரிமாறும் ஆட்களையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். இன்னொருவர் வெறும் சாப்பாட்டுக்கு மட்டும் சொல்லியிருப்பார். மூன்றாமவர் வரியை விட்டிருப்பார். நான்காமவர், இத்தனை பேருக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையைக் கடைசிப் பக்கத்தின் அடியில் வைத்திருப்பார். கமிட்டிக் கூட்டத்தில் அந்த நான்கு எண்களையும் பலகையில் எழுதி, இருப்பதிலேயே சின்ன எண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். விழா முடிந்து பில் வரும்போது அது சின்ன எண்ணாக இருக்காது.

இதைத் தவிர்க்க ஒரே வழி, படிவத்தை நாமே தயாரித்து எல்லோருக்கும் அதையே கொடுப்பது. கேட்டரிங்காரர் தன் லெட்டர்ஹெட்டில் தன் பாணியில் எழுதித் தருவதை வாங்காதீர்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்வது நல்லது. முந்தைய படி முடியாமல் அடுத்ததற்குப் போனால், பாதியில் எல்லோருக்கும் திருத்தம் அனுப்ப வேண்டி வரும்.

## 1. முதலில் கமிட்டிக்குள் பேசி முடிக்க வேண்டியவை

கொட்டேஷன் கேட்கும் முன் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: எத்தனை பேர், எப்படிப் பரிமாறுவது, எந்த நேரம், இடத்தில் என்னென்ன வசதி இருக்கிறது.

எண்ணிக்கையில்தான் புதியவர்கள் முதலில் தடுமாறுவார்கள். “250லிருந்து 300 வரை வரலாம்” என்று சொன்னால் ஒருவர் 250க்கும் இன்னொருவர் 300க்கும் விலை போடுவார். அழைப்புப் பட்டியல் வேறு, வருவார்கள் என்று நாம் நம்பும் எண்ணிக்கை வேறு. இரண்டாவதை ஒரே எண்ணாக எழுதுங்கள். கூடவே, கூட்டம் மெலிந்தால் எவ்வளவு, நிறைந்தால் எவ்வளவு என்று மேலும் இரண்டு எண்கள் தயாராக இருக்கட்டும். அவற்றின் பயன் 5ஆம் படியில் தெரியும்.

பரிமாறும் முறையும் முன்பே முடிவாக வேண்டும். உட்கார வைத்துப் பரிமாற நிறைய ஆட்கள் தேவை. பஃபே என்றால் குறைவான ஆட்கள் போதும். ஆனால் விருந்தினர்கள் தாங்களே எடுத்துக்கொள்வதால் சாப்பாட்டின் அளவு கூடும். பொட்டலமாகக் கொடுத்தால் கணக்கே வேறு. இதைத் திறந்து வைத்துவிட்டு “உங்களுக்கு எது சௌகரியம்?” என்று கேட்டால் ஒவ்வொருவரும் வேறு வேறு வேலைக்கு விலை சொல்வார்கள். அவற்றை ஒப்பிட முடியாது.

நேரம் என்றால் சாப்பாடு தொடங்கும் நேரம் மட்டும் இல்லை. கேட்டரிங்காரர் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம், பரிமாறுதல் எவ்வளவு நேரம் நடக்கும், எத்தனை மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதும் சேர்த்திதான். ஊழியர்களின் கூடுதல் நேரக் கூலி இங்கிருந்துதான் முளைக்கிறது.

இடத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு போதும். சமைக்க அனுமதி உண்டா, சூடு மட்டும் செய்யலாமா, தண்ணீர் எங்கே கிடைக்கும், மின்சாரம் எவ்வளவு தாங்கும், வண்டி எதுவரை வரும், லிஃப்ட் உண்டா, குப்பையை யார் அகற்றுவது என்று எழுதுங்கள். மாடி மண்டபத்துக்குப் பாத்திரங்களைப் படியேற்றித் தூக்க வேண்டும் என்பது முன்கூட்டித் தெரிந்தால் விலைக்குள்ளேயே வந்துவிடும். அன்றைக்குத் தெரிந்தால் தனியாக ஒரு தொகை கேட்பார்கள்.

## 2. பேசுவது ஒருவராகவே இருக்கட்டும்

கமிட்டியில் ஏழு பேர் இருந்தால் ஏழு பேருக்கும் தெரிந்த கேட்டரிங்காரர் ஒருவர் இருப்பார். ஆளுக்கொருவராகப் போன் செய்தால், ஒருவருக்குச் சொன்ன தகவல் இன்னொருவருக்குப் போயிருக்காது. அதனால் தொடர்புக்கு ஒருவரை நியமித்து, படிவத்தில் அவர் பெயரையும் எண்ணையும் மட்டும் போடுங்கள். மற்றவர்கள் பெயர்களைப் பரிந்துரைக்கலாம், விலை பேசக் கூடாது.

கமிட்டி உறுப்பினர் யாருக்காவது ஒரு கேட்டரிங்காரர் உறவினராகவோ தொழில் பங்காளியாகவோ இருந்தால் அதை இப்போதே சொல்லச் சொல்லுங்கள். அந்த நிறுவனத்தை ஒதுக்க வேண்டியதில்லை. அந்த உறுப்பினர் தேர்வில் மட்டும் கலந்துகொள்ள மாட்டார், அவ்வளவுதான். பின்னால் தெரிய வந்தால், நியாயமான தேர்வுகூட சந்தேகமாகிவிடும்.

எத்தனை பேரிடம் கேட்பது? மூன்றிலிருந்து ஐந்து போதும். இரண்டு பேரிடம் மட்டும் கேட்டால் எது வழக்கமான விலை, எது விலகியது என்று தெரியாது. எட்டுப் பேரிடம் கேட்டால் சரிபார்க்கும் வேலை பெருகும். அனுப்புவதற்கு முன் ஒரு சின்னப் போன் போதும்: அந்தத் தேதியில் ஓய்வாக இருக்கிறார்களா, இந்த அளவுக் கூட்டத்துக்குச் செய்கிறார்களா என்று கேளுங்கள். “இல்லை” என்பவருக்குப் படிவம் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

## 3. மெனுவை நீங்கள் எழுதுங்கள், அளவோடு

ஒப்பீடு குழம்புவதற்கு முதல் காரணம் மெனுதான். “உங்கள் ஸ்பெஷல் மெனு அனுப்புங்கள்” என்று கேட்டால் ஒருவர் ஒன்பது வகை தருவார், இன்னொருவர் பதினைந்து வகை தருவார். பதினைந்து வகைக்காரர் கூடுதலாகக் கேட்டால், அது உண்மையில் விலை கூடுதலா, வகை கூடுதல் என்பதாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

எனவே மெனுவை வகைகளாக நீங்களே நிர்ணயியுங்கள். உதாரணமாக: வரவேற்பு பானம் ஒன்று, தொடக்க உணவு இரண்டு, முக்கிய உணவு இரண்டு, பக்க உணவு மூன்று, இனிப்பு ஒன்று, குடிநீர். ஒவ்வொரு இடத்திலும் என்ன வேண்டும் என்று பெயரைக் குறிப்பிடுங்கள். கமிட்டிக்குள் ஒத்த முடிவு இல்லாத இடத்தில் மட்டும், “இந்த இரண்டில் ஒன்று” என்று விடலாம்.

அளவை எழுதுவதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். துண்டுகளாக வருவதற்கு ஆளுக்கு எத்தனை துண்டு, ஒரு துண்டு ஏறத்தாழ எத்தனை கிராம் என்று எழுதுங்கள். அள்ளி வைப்பதற்கு, ஆளுக்கு எத்தனை கிராம் கணக்கில் சமைக்கிறார்கள் என்று அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். மறுமுறை கேட்டால் கிடைக்குமா, எந்தெந்த வகைக்குக் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். ஒரே பெயரில் இருக்கும் இரண்டு மெனுக்கள் விலையில் வேறுபடுவதற்கு, பெரும்பாலும் தட்டில் விழும் அளவு ஒரு காரணமாக இருக்கும்.

ஒவ்வாமை, உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்குத் தனித் தட்டு எத்தனை வேண்டும் என்றும் இங்கேயே எழுதுங்கள். தெரியாவிட்டால் ஒரு உத்தேச எண் போடுங்கள். எல்லோரும் அதே எண்ணுக்கு விலை சொன்னால் போதும்.

கேட்டரிங்காரருக்கு உங்கள் மெனுவைவிட நல்ல யோசனை இருக்கலாம். அதற்குப் படிவத்தின் கடைசியில் “மாற்று யோசனை” என்று ஒரு பெட்டி வையுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: முதலில் கேட்ட மெனுவுக்கு விலை, அப்புறம் மாற்று. மாற்றை மட்டும் அனுப்புபவரின் படிவம் முழுமையானது அல்ல.

பட்ஜெட்டைச் சொல்லலாமா என்று எப்போதும் ஒரு விவாதம் வரும். மெனுவையும் அளவையும் நாமே கொடுத்துவிட்ட பிறகு பட்ஜெட்டைச் சொல்வதில் லாபம் இல்லை என்பது என் கருத்து. சொன்னால் எல்லா விலையும் அந்த எண்ணுக்கு ஒரு சாண் கீழே வந்து நிற்கும்.

## 4. படிவத்தைக் கட்டுவது

இரண்டு பகுதிகள் போதும். முதல் பகுதியை நாம் நிரப்பி அனுப்புகிறோம்: தேதி, நேரம், இடக் குறிப்பு, பரிமாறும் முறை, எண்ணிக்கை, மெனு, தொடர்பு நபர், கடைசி நாள். இரண்டாம் பகுதியை அவர்கள் நிரப்ப வேண்டும். இரண்டு பக்கத்தைத் தாண்டாமல் பாருங்கள். தாண்டினால் யாரும் முழுதாக நிரப்ப மாட்டார்கள்.

இரண்டாம் பகுதியில் இந்த வரிகள் இருக்கட்டும்:

1. ஆளுக்கு உணவு விலை
2. பரிமாறும் ஊழியர்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், கட்டணம்
3. தட்டு, டம்ளர், கரண்டி, மேசை, சூடு காக்கும் பாத்திரம்: கட்டணம்
4. போக்குவரத்து, ஏற்றி இறக்குதல்
5. எரிபொருள், தண்ணீர்
6. சுத்தம் செய்தல், குப்பை அகற்றுதல்
7. வரியும் சேவைக் கட்டணமும்: எத்தனை சதவீதம், மேலே உள்ள எந்தெந்தத் தொகைகளின் மேல்
8. குறைந்தபட்ச எண்ணிக்கை
9. இறுதி எண்ணிக்கை சொல்ல வேண்டிய கடைசி நாள்
10. அதற்கு மேல் வரும் ஒவ்வொருவருக்கும் விலை
11. குழந்தைகளுக்கான விலையும் வயது வரம்பும்
12. கூடுதல் நேரத்துக்கான கட்டணம், மணிக்கணக்கில்
13. அட்வான்ஸ், மீதித் தொகை, ரத்து நிபந்தனை
14. இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும்

2 முதல் 6 வரை ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று பதில்கள்தான் அனுமதி: ஒரு தொகை, அல்லது “உணவு விலைக்குள் அடங்கும்”, அல்லது “இந்தச் சேவை தருவதில்லை”. காலியாக விடக் கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள். காலியான கட்டத்தை நாம் “இலவசம்” என்று படிப்போம், அவர் “பிறகு பேசலாம்” என்று நினைத்திருப்பார். பில் தகராறுகள் பெரும்பாலும் இந்தக் காலிக் கட்டங்களில்தான் பிறக்கின்றன.

8ஐயும் 9ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை என்பது, எவ்வளவு குறைவாக வந்தாலும் இத்தனை பேருக்கான பணம் கட்டியாக வேண்டும் என்று இப்போதே அவர் போடும் எல்லை. இறுதி எண்ணிக்கை என்பது விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் நாம் உறுதியாகச் சொல்வது. அதற்குப் பிறகு கூட்டலாம், குறைக்க முடியாது. முதலாவதைக் கேட்க மறந்துவிட்டு, இரண்டாவதைக் குறைத்துச் சொன்னால் காசு மிச்சம் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

ஒளிப்பதிவாளர், ஒலி ஆட்கள், ஓட்டுநர்கள் போன்றோருக்கான சாப்பாடு எண்ணிக்கையில் சேருமா என்பதையும் ஒரு வரியில் தெளிவாக்குங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இருபது தட்டு வரை போய்விடும்.

## 5. ஒரு எண்ணிக்கைக்கு அல்ல, மூன்று எண்ணிக்கைக்கு மொத்தத் தொகை கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்பவர் இதைச் செய்யட்டும். 1ஆம் படியில் எழுதிய மூன்று எண்களையும் எடுத்து, “இத்தனை பேர் வந்தால் வரி உட்பட நாங்கள் கட்ட வேண்டிய மொத்தத் தொகை என்ன?” என்று மூன்று கட்டங்கள் வையுங்கள்.

காரணம் எளிது. கேட்டரிங்காரரின் செலவில் ஒரு பகுதி ஆட்களின் எண்ணிக்கையோடு ஏறும். வண்டி, சுத்தம் போன்றவை பெரும்பாலும் நிலையாக நிற்கும். இந்தக் கலவை ஒவ்வொருவருக்கும் வேறு. அதனால் 200 பேருக்கு மலிவாக இருப்பவர் 280 பேருக்கு அதிக விலைக்காரராக மாறலாம். ஆளுக்கு விலை என்ற ஒற்றை எண்ணில் இது தெரியாது.

இன்னொரு பயன், அவர் எழுதிய மொத்தமும் வரிவரியாகக் கொடுத்த தொகைகளும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒன்று படிவத்தில் வராமல் அவர் மனதில் இருக்கிறது.

## 6. எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்

ஒரே கோப்பை ஒரே நாளில் எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டு அனுப்புவது சுலபமாகத் தெரியும், ஆனால் யார் யார் போட்டியில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். கூடிப் பேசி விலை வைப்பதற்கு நாமே மேடை போட்டது போலாகும்.

பதிலுக்கு ஒரு வாரம் நியாயமான அவகாசம். அதன் நடுவில் ஒரு நாளைக் கேள்விகளுக்கான கடைசி நாளாக வையுங்கள். யார் என்ன கேட்டாலும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். கேட்டவர் பெயர் இல்லாமல், கேள்வியையும் பதிலையும் எல்லோருக்கும் அனுப்புங்கள். ஒருவர் போனில், “மேசைகள் மண்டபத்திலேயே இருக்கிறதா?” என்று கேட்டு, நாம் “ஆமாம்” என்று அவருக்கு மட்டும் சொன்னால், அவர் விலையில் மேசை வாடகை இருக்காது, மற்றவர்கள் விலையில் இருக்கும். அவர் மலிவானவர் என்று நாம் தவறாக முடிவு செய்வோம்.

முடிந்தால் எல்லோரையும் ஒரு முறை இடத்தைப் பார்க்க அழையுங்கள், தனித்தனி நேரத்தில். பார்க்காமல் விலை சொல்பவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், அல்லது அன்றைக்கு வந்து ஆச்சரியப்படுவார்.

## 7. வந்தவற்றைத் திறந்து சரிபார்ப்பது

கடைசி நாள் முடியும் வரை எதையும் திறக்க வேண்டாம். மின்னஞ்சலில் வந்தால் அப்படியே விட்டுவையுங்கள். பிறகு குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து, வந்த எண்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த விலை இன்னொருவர் காதுக்குப் போகாமல் இருக்க இதுதான் வழி.

அடுத்து, விலையை ஒப்பிடும் முன் முழுமையைப் பாருங்கள். காலிக் கட்டம் உண்டா? மெனுவில் எதையாவது சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறாரா? மூன்று மொத்தங்களும் உண்டா? குறை இருந்தால் அந்த வரியைக் குறிப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். விளக்கத்தின் பெயரில் முழு விலையையும் மாற்ற விடாதீர்கள்.

சிலர் படிவத்தை ஒதுக்கிவிட்டுத் தங்கள் வழக்கமான கொட்டேஷனையே அனுப்புவார்கள். “உங்களுக்காக நாங்களே நிரப்பிக்கொள்கிறோம்” என்று கமிட்டி இறங்கினால் ஊகம் புகுந்துவிடும். ஒரு முறை நினைவூட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். எழுதிக் கேட்டதை இப்போதே கவனிக்காதவர், விழா நாளில் கவனிப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

## 8. ஒரே அடிப்படைக்குக் கொண்டுவருவது: ஒரு கணக்கு

மூன்று படிவங்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர்ப் பணத்துக்கும் பொருந்தும்படி, மிகக் குறைந்த தட்டு விலையை 100 அலகு என்று எடுத்துக்கொள்கிறேன். எதிர்பார்க்கும் எண்ணிக்கை 240, குறைந்தால் 200, கூடினால் 280.

அ நிறுவனம் ஆளுக்கு 100 என்கிறது. ஊழியர் தனி: 20 விருந்தினருக்கு ஒருவர், ஒருவருக்கு 150. பாத்திர வாடகை ஆளுக்கு 6. போக்குவரத்து 900, சுத்தம் 500. எல்லாவற்றின் மேலும் வரி 10 சதவீதம். குறைந்தபட்சம் 150 பேர்.

ஆ நிறுவனம் ஆளுக்கு 122 என்கிறது. வரி உட்பட எல்லாம் அடக்கம். குறைந்தபட்சம் 220 பேர்.

இ நிறுவனம் ஆளுக்கு 112. ஊழியர், பாத்திரம், சுத்தம் அடக்கம். போக்குவரத்து 600 தனி, எல்லாவற்றின் மேலும் வரி 10 சதவீதம். குறைந்தபட்சம் 260 பேர்.

பலகையில் 100, 122, 112 என்று எழுதினால் அ தான் வெற்றி. இப்போது 240 பேருக்கு அ நிறுவனத்தின் கணக்கைப் போடுவோம். உணவு 24,000. ஊழியர் 12 பேருக்கு 1,800. பாத்திரம் 1,440. போக்குவரத்தும் சுத்தமும் 1,400. கூட்டினால் 28,640. வரி 2,864 சேர்த்தால் 31,504. அதாவது உண்மையில் ஆளுக்கு 131க்கு மேல்.

இதை எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ செய்வது நல்லது. எண்ணிக்கை மாறினால் விடையும் தானாக மாறும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தாள் போதும். B1ல் வரும் எண்ணிக்கை, B2ல் குறைந்தபட்சம், B3ல் உணவு விலை, B4ல் ஆளுக்கு ஏறும் மற்ற கட்டணங்கள், B5ல் நிலையான தொகைகள், B6ல் வரி.

```
=(MAX(B1,B2)*(B3+B4)+B5)*(1+B6)
```

அ நிறுவனத்துக்கு B4ல் 13.5 வரும். பாத்திரத்துக்கு 6, ஊழியருக்கு 7.5 (150ஐ 20ஆல் வகுத்தது). B5ல் 1,400, B6ல் 10%. ஆ நிறுவனத்துக்கு வரி ஏற்கெனவே உள்ளே இருப்பதால் B6ல் பூஜ்யம். இந்தச் சூத்திரத்தில் முக்கியமானது MAX தான். வந்தவர்கள் குறைந்தபட்சத்தைவிடக் குறைவு என்றால், அது குறைந்தபட்சத்தையே எடுத்துக்கொள்ளும். பில் போடுபவரும் அதைத்தான் செய்வார்.

மூன்று எண்ணிக்கைக்கும் விடை இது:

| வருபவர்கள் | அ | ஆ | இ |
|---|---|---|---|
| 200 | 26,510 | 26,840 | 32,692 |
| 240 | 31,504 | 29,280 | 32,692 |
| 280 | 36,498 | 34,160 | 35,156 |

தட்டு விலையில் கடைசியாக இருந்த ஆ, 240 பேருக்கும் 280 பேருக்கும் முதலிடம். 200 பேர் மட்டும் வந்தால் அ கொஞ்சம் மலிவு, அதுவும் வெறும் 330 அலகு வித்தியாசம். இ நிறுவனத்துக்கு 200 பேர் வந்தாலும் 240 பேர் வந்தாலும் ஒரே தொகை, ஏனென்றால் 260 பேருக்கான பணத்தைக் கட்டியே ஆக வேண்டும். அதே நிறுவனம் 280 பேருக்கு அ நிறுவனத்தைவிட மலிவாகிவிடுகிறது.

இங்கே கமிட்டி பேச வேண்டிய கேள்வி “யார் மலிவு?” என்பது இல்லை. “200 பேர்தான் வருவார்கள் என்பதற்கு வாய்ப்பு எவ்வளவு?” என்பதுதான். போன தடவை எத்தனை பேரை அழைத்து எத்தனை பேர் வந்தார்கள் என்ற குறிப்பு இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. சூத்திரம் எல்லாத் தொகைகளின் மேலும் ஒரே வரி என்று எடுத்துக்கொள்கிறது. படிவத்தின் 7ஆம் வரியில் “உணவுக்கு மட்டும்” என்றோ, உணவுக்கு ஒன்று, வாடகைக்கு இன்னொன்று என்றோ எழுதியிருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள். விருந்தினர் எண்ணிக்கை 20ஆல் சரியாக வகுபடாத இடத்தில் ஊழியர் ஒருவர் கூடுதலாக வருவார் என்பதையும் கவனியுங்கள்.

“தருவதில்லை” என்று எழுதியவர்களை மறக்க வேண்டாம். ஒருவர் குப்பை அகற்ற மாட்டார் என்றால் அதற்கு வெளியில் ஆகும் தொகையை விசாரித்து அவருடைய B5ல் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

## 9. விலைக்கு வெளியே பார்க்க வேண்டியவை

கணக்கில் முன்னால் நிற்கும் இருவரை மட்டும் எடுத்துக்கொண்டு சுவை பார்க்கப் போங்கள். எல்லோரிடமும் போனால் யாருடையது எப்படி இருந்தது என்பதே மறந்துவிடும். போகிறவர்கள் அதே ஆட்களாக இருக்கட்டும், ஒவ்வொரு வகைக்கும் மதிப்பெண்ணை அங்கேயே எழுதட்டும். ஒரு தட்டைச் சமைத்துக் காட்டுவதும் 240 பேருக்குச் சமைப்பதும் ஒன்றல்ல. அதனால் இதே அளவில் சமீபத்தில் செய்த ஒரு நிகழ்ச்சியின் பொறுப்பாளரிடம் பேசுவதுதான் கூடுதல் பயன். அவரிடம் “நன்றாக இருந்ததா?” என்று கேட்டால் “நன்றாகத்தான் இருந்தது” என்பார். “கடைசியில் வந்தவர்களுக்கு எல்லா வகையும் கிடைத்ததா? பில் கொட்டேஷனுக்கு மேல் எவ்வளவு வந்தது?” என்று கேளுங்கள்.

உணவுப் பாதுகாப்பை ஒரே கேள்வியில் சோதிக்கலாம்: சமைத்து முடிப்பதற்கும் பரிமாறுவதற்கும் இடையே எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் உணவு எப்படி வைக்கப்படும்? சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிமுறை. தொழில் தெரிந்தவர் இதற்கு உடனே பதில் சொல்வார், என்ன பாத்திரத்தில் கொண்டுவருவார் என்பது உட்பட. மழுப்பினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள். உங்கள் இடத்துச் சட்டப்படி தேவைப்படும் உணவு உரிமத்தின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் முறை வைத்துக்கொள்ள விரும்பினால், விலைக்கு எத்தனை, சுவைக்கு எத்தனை என்பதைப் படிவங்களைத் திறக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். திறந்த பிறகு பிரித்தால், பிடித்தவருக்கு ஏற்றபடி எடை மாறும்.

## 10. பேசி முடித்து உறுதி செய்வது

பேரம் பேசலாம், ஆனால் ஒருவரின் விலையை இன்னொருவரிடம் காட்டிப் பேசாதீர்கள். காட்டினால் அடுத்த வருடம் யாரும் உண்மையான விலையை முதலில் சொல்ல மாட்டார்கள். தொகையைக் குறைக்கச் சொல்வதைவிட நிபந்தனைகளைப் பேசுவது எளிது. நம் எடுத்துக்காட்டில், குறைந்தபட்சத்தை 220லிருந்து 200க்குக் கொண்டுவர ஆ நிறுவனம் ஒத்துக்கொண்டால், 200 பேர் வந்தாலும் 24,400தான் ஆகும். அப்போது மூன்று எண்ணிக்கையிலும் அதுவே முன்னால் நிற்கும். தட்டு விலையில் ஒரு அலகுகூடக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பேசி மாறியவற்றை அதே படிவத்தில் திருத்தி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். நிரப்பிய படிவமே ஒப்பந்தத்தின் இணைப்பாக இருக்கட்டும். தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதி, அதில் ஊழியர் எண்ணிக்கையும் அளவும் விடுபட்டுப் போவது சகஜம்.

அட்வான்ஸ் கட்டி ரசீது வாங்கும் வரை இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு “இல்லை” என்று சொல்ல வேண்டாம். அவருடைய விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பது 14ஆம் வரியில் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடுங்கள். ரசீது கைக்கு வந்த அன்றே மற்ற எல்லோருக்கும் முடிவைத் தெரிவியுங்கள், அந்தத் தேதியை அவர்கள் வேறு யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும்.